பதில்: முதலில் கண்டறியப்பட்டவர்தான் மூலமா?

"ஐசியூவில் நான்கு பேருக்கு கார்பாபெனம் ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா. மூவரின் மாதிரிகளுக்கிடையே 2 முதல் 5 எஸ்என்பி, அதாவது டிஎன்ஏவில் ஒற்றை எழுத்து வேறுபாடுதான். நான்காவதில் ஆயிரத்துக்கு மேல். முதலில் பாசிட்டிவ் ஆனவர்தான் பரப்பினார் என்று அறிக்கை எழுதலாமா?"

எழுதாதீங்க சார். மூவரும் ஒரே சங்கிலி என்பது வரை சரி. ஆனால் எஸ்என்பி எண்ணிக்கை நெருக்கத்தைத்தான் சொல்லும், யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லாது. முதலில் பாசிட்டிவ் ஆனவர் முதலில் பரிசோதிக்கப்பட்டவராக மட்டும் இருக்கலாம். அறிகுறியே இல்லாமல் குடலில் சுமப்பவர்கள் உண்டு.

2011இல் அமெரிக்காவின் என்ஐஎச் மருத்துவமனையில் இதே கிருமி பரவியபோது நடந்ததைப் பாருங்கள். முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழித்தே அடுத்தவர் தெரியவந்தார். அந்த இடைவெளியைப் பார்த்தால் தொடர்பே இல்லை என்றுதான் தோன்றும். முதல் நோயாளியின் வெவ்வேறு உடற்பகுதிகளில் எடுத்த பாக்டீரியாக்களுக்குள்ளேயே சிறு மாற்றங்கள் இருந்தன. எந்த மாற்றம் யாரிடம் போயிருக்கிறது என்று பார்த்தபோது, அவரிடமிருந்து மூன்று தனித்தனிப் பரவல்கள் என்று தெளிவானது.

நீங்களும் ஆளுக்கு ஒரே காலனியோடு நிறுத்தாமல், பல இடங்களிலிருந்து சில காலனிகளின் டிஎன்ஏவை வரிசைப்படுத்துங்கள். மலக்குடல் ஸ்வாப், சிங்க் வடிகால், வென்டிலேட்டர் மாதிரிகளையும் சேருங்கள். பிறகு படுக்கை மாற்றப் பதிவேட்டோடு பொருத்துங்கள். திசை அங்கேதான் பெரும்பாலும் பிடிபடும்.

நான்காமவரை இந்தச் சங்கிலியிலிருந்து நீக்கலாம், விசாரணையிலிருந்து வேண்டாம். அதே எதிர்ப்பு மரபணு அவரிடமும் இருந்தால், அதைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வேறொரு கிளெப்சியெல்லாவுக்குத் தாவியிருக்கலாம். டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறு வாசிப்புகளில் பிளாஸ்மிட் துண்டு துண்டாகத்தான் வரும், அதனால் அதற்கு நானோபோர் போன்ற நீள் வாசிப்பு தேவைப்படும்.