சுவாமி புறப்பாட்டைப் படமெடுக்கக் கோயிலுக்குக் கடிதம்

"எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வீதியுலாவை வீடியோ எடுக்க விரும்புகிறேன். கோயில் கமிட்டிக்குக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?"

அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு எழுதி, அறங்காவலர் குழுத் தலைவருக்கு ஒரு நகல் கொடுங்கள். ஊர்ப் பொதுக்கோயில் என்றால் விழாக் குழுவுக்கு எழுதினால் போதும். இரண்டிலுமே அன்றைய மண்டகப்படி உபயதாரரிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு சிவன் கோயிலில், ஐந்தாம் திருநாள் ரிஷப வாகனப் புறப்பாட்டில் வாசிக்கப்படும் மல்லாரியைப் பதிவு செய்ய விரும்பி, "திருவிழாவைப் படமெடுக்க அனுமதி வேண்டுகிறேன்" என்று நான் எழுதிய முதல் கடிதம் அப்படியே திரும்பி வந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, கேமராவ எங்க வைப்பீங்க? திரை போட்டிருக்கும்போதும் எடுப்பீங்களா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதிலாகவே இரண்டாவது கடிதத்தை எழுதினேன். அதன் நடுப்பகுதி இது:

"ஐந்தாம் திருநாள் இரவு கோபுர வாசலில் தீபாராதனை முடிந்து சுவாமி புறப்படுவது முதல், நிலைக்குத் திரும்பும் வரை வீதியில் மட்டும் படமெடுப்போம். இருவர் வருவோம், கேமராக்கள் இரண்டு. ஸ்ரீபாதம் தாங்கிகளின் வழியில் நிற்காமல், ஓரமாகப் பத்தடி தள்ளியே நடப்போம். திரை போட்டிருக்கும்போதும், நைவேத்தியத்தின்போதும் கேமராவை அணைத்துவிடுவோம். தனி விளக்கு, நீளக் கம்பு, டிரோன் எதுவும் கொண்டுவர மாட்டோம்."

கம்பைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்த துயரத்திற்குப் பிறகு, தலைக்கு மேலே உயரும் எந்தப் பொருளையும் இப்பகுதிக் குழுக்கள் அச்சத்தோடுதான் பார்க்கின்றன. அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. "வீதியில் மட்டும்" என்றதற்கும் காரணம் உண்டு. கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே பிராகாரத்துக்குள் படமெடுக்கக் கேட்டால், வீதிக்குக் கிடைக்கக்கூடிய அனுமதியும் சேர்ந்தே தள்ளிப்போகும்.

படத்தை எங்கே வெளியிடுவீர்கள், அதில் வருமானம் உண்டா என்பதை மறைக்காமல் எழுதி, கோயிலுக்கு ஒரு பிரதி தருவதாகவும் சேருங்கள். நாதஸ்வர, தவில் கலைஞர்களின் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்; அவர்களுடைய வாசிப்புக்குக் கோயில் அனுமதி தர முடியாது.

விழாப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள், கொடியேற்றம் ஆகிவிட்டால் அதைப் படிக்க எவருக்கும் நேரம் இருக்காது. அனுமதியை முத்திரையோடு எழுத்தில் வாங்கி, நகலைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். வீதி முனையில் பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர் முதலில் கேட்பது அதைத்தான்.