பால் கணக்கு 257-ஆ, 270-ஆ?

கேள்வி: பாலுக்கு ஒரு செயலியில் தினமும் குறித்து வருகிறேன். தினம் 1 லிட்டர், 8 வெள்ளி. அக்டோபர் 16-ஆம் தேதி பால்காரர் விலையை 9 வெள்ளி ஆக்கினார், நானும் அன்றே செயலியில் மாற்றினேன். மாத முடிவில் அவர் 257 கேட்கிறார், செயலி 270 என்கிறது. செப்டம்பரைத் திறந்து பார்த்தால், அப்போது 240 காட்டியது இப்போது 270 காட்டுகிறது. அவருக்கு நான் பாக்கி வைத்திருக்கிறேனா? நாள் குறிப்பையும் அனுப்பியிருக்கிறேன். *(சுங்கை சிப்புட் வாசகி)*

பதில்: பாக்கி ஒன்றும் இல்லையம்மா. செப்டம்பருக்குக் கொடுத்த 240 சரி, அக்டோபருக்கு 257 கொடுங்கள். பால்காரரின் கணக்குதான் சரியானது.

உங்கள் குறிப்பை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 1 முதல் 15 வரை இரண்டு நாள் பால் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். மீதி 13 லிட்டர், 8 வெள்ளி வீதம் 104. 16 முதல் 31 வரை 16 நாள். அதில் ஒரு நாள் இல்லை, தீபாவளிப் பலகாரத்துக்காக இரண்டு லிட்டர் கூடுதல். ஆக 17 லிட்டர், 9 வெள்ளி வீதம் 153. இரண்டையும் கூட்டினால் 257. செயலி மொத்தம் 30 லிட்டரையும் 9-ஆல் பெருக்கி 270 என்று சொல்லியிருக்கிறது. வித்தியாசம் 13 வெள்ளி. பழைய விலையில் வாங்கிய 13 லிட்டருக்கும் லிட்டருக்கு ஒரு வெள்ளி ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தச் செயலிகளில் எனக்குத் தீராத மனக்குறை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் தினமும் குறிக்கும்போது எளிய செயலிகள் பல தேதியையும் லிட்டரையும் மட்டும்தான் எழுதிக்கொள்கின்றன. விலை வேறோர் இடத்தில், பொருளின் பெயருக்குப் பக்கத்தில், ஒரே ஓர் எண்ணாக இருக்கிறது. மாதக் கணக்கைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணை எடுத்துப் புதிதாகப் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் இன்றைக்கு விலையைத் தொட்டால் போன மாதம், அதற்கு முந்தின மாதம், எல்லாமே மாறிவிடும். உங்கள் செப்டம்பர் 270 ஆனது இப்படித்தான். கொடுத்து முடித்த கணக்கு தானாக மாறுமானால் அதைக் கணக்கு என்றே சொல்ல முடியாது. பழைய தோட்டக் கிராணி யாரையாவது கேட்டுப் பாருங்கள். கூலி ஏறிய அன்று செக்ரோலில் அந்தத் தேதியிலிருந்துதான் புதுக் கூலி போடுவார்கள். மூடிய மாதத்தைத் திருத்த அவர்கள் கை துணியாது. காகிதத்தில் இருந்த இந்த ஒழுங்கு காசு வாங்கும் செயலியில் இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எந்தச் செயலிக்கும் காசு கட்டுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். ‘சோதனை’ என்று ஒரு பொருள் சேர்த்து, விலை 8 என்று போட்டு, நேற்றும் முந்தாநாளும் ஒவ்வொரு லிட்டர் குறியுங்கள். மொத்தம் 16 காட்டும். இப்போது விலையை 9 ஆக்குங்கள். மொத்தம் 16-லேயே நின்றால் நல்ல செயலி. 18 ஆனால் அதை அழித்துவிடுங்கள். இன்னும் நன்றாகச் செய்தவை, விலையை மாற்றும்போது “எந்தத் தேதியிலிருந்து?” என்றே கேட்கும்.

இருக்கும் செயலியையே வைத்துக்கொள்ள வேண்டுமானால், முதலில் பழைய ‘பால்’ விலையைத் திரும்ப 8 ஆக்குங்கள். செப்டம்பர் பழையபடி 240-க்கு வந்துவிடும். பிறகு ‘பால் 9’ என்று தனியாக ஒரு பொருள் சேர்த்து, 16-இலிருந்து உள்ள நாள்களை அதில் குறித்து, அதே நாள்களைப் பழையதிலிருந்து நீக்கிவிடுங்கள். மாத முடிவில் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம்.

நான் இப்போது செயலியே வைத்துக்கொள்வதில்லை, கைப்பேசியில் கூகள் ஷீட்ஸ் போதும் என்று விட்டுவிட்டேன். முதல் வரிசை தலைப்பு. A-யில் தேதி, B-யில் லிட்டர், C-யில் அன்றைய விலை. பால் வராத நாளுக்கு B-யில் 0. மொத்தத்துக்கு இந்த ஒரு வரி:

```
=SUMPRODUCT(B2:B32,C2:C32)
```

விலை ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் எழுதப்பட்டிருப்பதால், 16-ஆம் தேதியிலிருந்து 9 போட்டால் முன்னே உள்ள 8 அசையாது. உங்கள் அக்டோபரை இதில் போட்டேன், 257 வந்தது.

கேள்வி: தாமானில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். மாதம் 600 வெள்ளி, திங்கள் முதல் சனி வரை என்று பேச்சு. போன மாதம் 30 நாள், நாலு ஞாயிறு. காய்ச்சலில் ஒரு நாள்தான் போகவில்லை. ஆனால் அந்த வீட்டம்மா கைப்பேசியைக் காட்டி 5 நாள் வரவில்லை என்று 500 கொடுத்தார். எனக்குச் செயலி எல்லாம் தெரியாது. *(வேலைக்குப் போகும் அக்கா)*

பதில்: அக்கா, உங்களுக்கு 80 வெள்ளி வர வேண்டியிருக்கிறது. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. இந்தப் பத்தியை அந்த அம்மாவிடம் அப்படியே காட்டுங்கள்.

அம்மா, உங்கள் செயலி குறிக்காத நாளை எல்லாம் ‘வரவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. நாலு ஞாயிறும் அதில் விழுந்துவிட்டன. மேலும் அது 600-ஐ 30-ஆல் வகுத்து நாளுக்கு 20 என்று கழித்திருக்கிறது. 30-ஆல் வகுத்தாலே ஞாயிற்றுக்கிழமையும் சம்பள நாளில் சேர்ந்துவிட்டது என்று பொருள். சேர்த்ததைத் திரும்பக் கழிப்பது எந்த ஊர் நியாயம்? இந்தக் கணக்கில் இவர் ஒரு நாள்கூடத் தவறாமல் 26 நாளும் வந்திருந்தாலும் கையில் 520தான் கிடைத்திருக்கும். 600 என்று பேசிய பேச்சு என்ன ஆனது? 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 20 கழித்து 580. வேலை நாள் 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 23 வெள்ளி 8 காசு, அதைக் கழித்து 576 வெள்ளி 92 காசு. எதுவென்று முன்கூட்டியே பேசவில்லை என்றால் வேலை செய்பவருக்குச் சாதகமானதைத்தான் கொடுக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 500 வராது.

செயலியின் அமைப்புக்குள் போய் வாராந்தர ஓய்வு நாள் குறிக்க இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஞாயிற்றைத் தேர்ந்தெடுங்கள். அரை நாளுக்கும் தனிக் குறி இருக்க வேண்டும், இல்லையென்றால் மதியம் வரை உழைத்தவர் ‘வரவில்லை’ ஆகிவிடுவார்.

அக்கா, நீங்கள் ஒரு நாள்காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அன்றைய கட்டத்தில் அந்த வீட்டம்மாவையே ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்த நம் பெரியவர்கள் செக்ரோலில் தங்கள் நாள் ஏறியதா என்று விசாரிக்காமல் இருந்ததில்லை.

கேள்வி: 7 நாள் இலவசம் என்று ஒரு கணக்குச் செயலியைப் பிளே ஸ்டோரில் எடுத்தேன். பிடிக்கவில்லை, மூன்றாம் நாளே அழித்துவிட்டேன். நேற்று ஒரு வருடக் கட்டணம் வங்கியில் பிடித்துவிட்டார்கள். இது மோசடிதானே?

பதில்: இல்லை. செயலியை அழித்தால் சந்தா நிற்காது. இலவச நாளைத் தொடங்கும்போதே எத்தனை வெள்ளி, எந்தத் தேதியில் என்று திரையில் காட்டிவிட்டுத்தான் உங்கள் ஒப்புதலைக் கேட்கிறார்கள். படிக்காமல் அழுத்தியது நீங்கள். இதையே மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறீர்கள்.

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions போய் இப்போதே ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடமும் பிடிப்பார்கள். பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம், நேற்று என்பதால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அந்த நேரம் தாண்டினால் செயலியைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பால், பேப்பர், வேலையாள் மூன்றுக்கும் சேர்த்து ஒரு இலவசச் செயலி என்று புலனக் குழுவில் யாரோ apk இணைப்பு அனுப்பியிருக்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இப்படி இணைப்பில் வரும் செயலிகள் பல, குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். பால் கணக்கு எழுத உங்கள் குறுஞ்செய்தியைப் படிக்க எந்தச் செயலிக்கும் தேவை இல்லை, வங்கியிலிருந்து டிஏசி எண் குறுஞ்செய்தியில் வந்தால் அதையும் அது படித்துவிடும்.

கேள்வி: புதுக் கைப்பேசி வாங்கப் போகிறேன். பழையதில் இரண்டு வருடப் பால் கணக்கு இருக்கிறது. தானாக வந்துவிடுமா?

பதில்: வரும் என்று நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு செயலிக்கு வருடச் சந்தா கட்டி, பதினோரு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். கைப்பேசி மழைநீரில் விழுந்து போனது. புதியதில் அதே செயலியை, அதே மின்னஞ்சலில் திறந்தேன். சந்தா இருந்தது, கணக்கு இல்லை. பணம் கட்டியது மட்டும்தான் அவர்களிடம் பதிவாகியிருக்கிறது, நான் எழுதியதெல்லாம் அந்தக் கைப்பேசிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த மாதப் பால் கணக்குக்குப் பால்காரரின் நோட்டுப் புத்தகத்தைத்தான் கேட்டு வாங்கினேன். நீல மையில், எங்கள் வீட்டுக்கென்று ஒரு பக்கம், வராத நாளுக்கு ஒரு சின்னச் சுழி. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

பழைய கைப்பேசி வேலை செய்யும்போதே செயலிக்குள் Export அல்லது Backup இருக்கிறதா பாருங்கள். CSV கோப்பாக எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி, அதைத் திறந்து ஏதாவது ஒரு மாதத்தின் மொத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் PDF மட்டும்தான் தருகிறது என்றால் படிக்கலாம், வேறு செயலியில் ஏற்ற முடியாது. இரண்டுமே இல்லையென்றால் ஒவ்வொரு மாதத்தின் திரையையும் படம் பிடித்து வையுங்கள். புதுக் கைப்பேசியில் கணக்கு முழுவதும் வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை பழையதைக் கடையில் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பேப்பர்காரர் மாதம் ஒரே தொகைதான் வாங்குகிறார், விடுமுறைக்குக் கழிப்பதில்லை. பேப்பருக்கு எந்தச் செயலி நல்லது?

பதில்: ஒரே தொகைக்குச் செயலி எதற்கு? பிரதிக்கு இவ்வளவு என்று கணக்கிடச் சொல்லி அவரிடம் பேசுங்கள். அவர் ஒத்துக்கொண்டால், ஞாயிறு பதிப்பின் விலை வேறாக இருந்தால் அதைச் செயலியில் தனிப் பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.