1928-ல் பிறந்த அம்மா கணினியில் 2028-ல் பிறந்தவராக ஆனது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு வயது 97. சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா 1999-ல் இறந்த பிறகு அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். வயதுக்காகத் தரும் கூடுதல் ஓய்வூதியம் மட்டும் ஆறு மாதமாக வரவில்லை. எங்கள் வங்கியை இன்னொரு வங்கியோடு இணைத்த பிறகுதான் இப்படி. கேட்டால், "சிஸ்டத்தில் 80 வயது முடியவில்லை என்று வருகிறது, பிறப்புச் சான்றிதழ் கொண்டு வந்து பிறந்த தேதியைத் திருத்துங்கள்" என்கிறார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த சீட்டில் 09-03-28 என்று சரியாகத்தான் இருக்கிறது. அதே கிளையில் வாங்கும், 1931-ல் பிறந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பணம் வருகிறது. இதுவரை எங்களுக்குக் கொடுத்ததையும் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் ஒரு விஷயம். "பிறந்த தேதி திருத்தம்" என்ற தலைப்பில் எந்த மனுவும் கொடுக்காதீர்கள். அவர்கள் நீட்டும் திருத்தப் படிவத்தில் அம்மாவிடம் கையெழுத்தும் வாங்காதீர்கள். அம்மாவின் பிறந்த தேதியில் எந்தத் தவறும் இல்லை. வங்கியின் பதிவில்தான் நூற்றாண்டு மாறியிருக்கிறது. இந்த இரண்டும் சட்டத்தில் வேறு வேறு. திருத்தம் கேட்டால் பழைய தேதி தவறு என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும், நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில் விழும். 1928-ல் பிறந்த எத்தனை பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது?

நூற்றாண்டு எப்படி மாறியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கின் சாட்சியே அதில்தான் இருக்கிறது. தேதியில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் கொடுத்தால், அது எந்த நூற்றாண்டு என்று மென்பொருள் நம்மைக் கேட்பதில்லை. தனக்குள் வைத்திருக்கும் ஓர் எல்லைக்கோட்டை வைத்து அதுவே முடிவு செய்துகொள்கிறது. எக்செலில் அந்தக் கோடு வழக்கமாக 29-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கிறது. 00 முதல் 29 வரை இருந்தால் 2000-களில் போடும், 30 முதல் 99 வரை இருந்தால் 1900-களில் போடும். அதனால்தான் 31 என்ற பக்கத்து வீட்டு அம்மா 1931-லேயே நிற்கிறார், 28 என்ற உங்கள் அம்மா 2028-க்குப் போய்விட்டார். மூன்று வருட வித்தியாசத்தில் ஒருவருக்குப் பணம் வருகிறது, இன்னொருவருக்கு நிற்கிறது என்றால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதே கிளையில் 1929-லோ அதற்கு முன்போ பிறந்த இன்னொருவர் கிடைத்து, அவருக்கும் நின்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் கோடு எல்லா மென்பொருளிலும் ஒரே இடத்தில் இல்லை. எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளத்தில் இயல்பான எல்லை 2049, அதாவது 49 வரை 2000-களில் போடும். பைத்தான் மொழியில் இரண்டு இலக்க ஆண்டைப் படிக்கச் சொன்னால் 68 வரை 2000-களில் போடும். ஆகவே ஒரே படிவத்தில் 58 என்று எழுதினால், எக்செல் 1958 என்கிறது, பைத்தான் 2058 என்கிறது. ஜாவாவின் பழைய தேதிக் கருவி இன்னொரு மாதிரி: நிலையான கோடு எதுவும் வைத்துக்கொள்ளாமல், அன்றைய நாளுக்கு 80 ஆண்டு முன்னும் 20 ஆண்டு பின்னுமாக ஒரு நூறாண்டை எடுத்துக்கொள்ளும். காலம் நகர நகர அந்த நூறாண்டும் நகரும். இவற்றில் எதில் போட்டாலும் 28 என்பது இன்றைக்கு 2028 தான்.

"ஆனால் சீட்டில் சரியாக இருக்கிறதே" என்கிறீர்கள். அது சரியாக இருப்பது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். வங்கி இணைப்பின்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்: பழைய பதிவில் 09-03-1928 என்று முழுதாகவே இருந்திருக்கும். அதை எக்செலில் எடுத்துப் பார்த்தபோது அந்தப் பத்தி ஆண்டை இரண்டு இலக்கத்தில் காட்டும்படி அமைந்திருக்கும். அந்த நிலையிலும் உள்ளே 1928 பத்திரமாக இருக்கும். அப்புறம் புதிய கணினிக்கு அனுப்ப அதை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கிறார்கள். சி.எஸ்.வி. கோப்பில் உள்ளே இருக்கும் மதிப்பு போகாது, கண்ணுக்குத் தெரியும் எழுத்துதான் போகும். 1928-ன் 19 அங்கேயே தொலைந்துவிடுகிறது. அந்தக் கோப்பை மறுபடி திறக்கும்போது எக்செல் 28-ஐப் பார்த்து, கோட்டை வைத்து, 2028 என்று போட்டுவிடுகிறது. திரையில் மட்டும் அதே 09-03-28 தெரியும். யாரும் தவறாக ஒரு எழுத்துக்கூடத் தட்டவில்லை. அதனால்தான் கவுன்டரில் இருப்பவர், "நாங்கள் எதையும் மாற்றவில்லை" என்று மனதாரச் சொல்கிறார்.

உண்மையைத் தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். அந்தத் தேதி A2 கட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பக்கத்துக் கட்டத்தில் இதைத் தட்டச் சொல்லுங்கள்:

```
=YEAR(A2)
```

2028 என்று வந்தால் விஷயம் முடிந்தது. வங்கியின் ஓய்வூதிய மென்பொருளில் என்றால், பிறந்த ஆண்டை நான்கு இலக்கத்தில் காட்டும் திரையை அச்சடித்துக் கேளுங்கள்.

அடிப்படை ஓய்வூதியம் நிற்காமல் கூடுதல் மட்டும் நின்றதற்கும் இதுதான் காரணம். குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மாவின் வயது தேவையில்லை. கூடுதல் தொகைக்கு மட்டுமே கணினி வயதைக் கணக்குப் போடுகிறது. மத்திய அரசு விதிப்படி 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் முழுத் தொகை. 2028-ல் பிறந்தவர் இன்னும் பிறக்கவே இல்லை, எனவே "80 முடிந்ததா?" என்ற கேள்விக்குக் கணினி இல்லை என்கிறது. "இந்தத் தேதி எதிர்காலத்தில் இருக்கிறதே" என்று எச்சரிக்கும் ஒரு சோதனையை யாரும் அதில் வைக்கவில்லை. என் பார்வையில் சேவைக் குறைபாடு என்பது இதுதான். பிறந்த தேதி இன்றைக்குப் பிந்தையதாக இருக்க முடியாது என்பதற்கு ஒரு வரி சோதனை போதும்.

சரி, மனுவுக்கு வருவோம். உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம் பி.பி.ஓ., அதாவது அப்பாவின் ஓய்வூதிய ஆணை. அதில் அம்மாவின் பிறந்த தேதி நான்கு இலக்கத்தில் இருந்தால் வேறு ஆதாரமே தேவைப்படாது, வங்கி அதன்படிதான் நடக்க வேண்டும். அதில் தேதி இல்லாவிட்டால் பான் கார்டு, வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் போன்றவற்றில் இருப்பதைக் கொடுங்கள். ஒருவேளை பி.பி.ஓ.விலேயே கையால் 9.3.28 என்று எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஓர் ஆவணத்தின் எழுத்து நிஜத்தோடு பொருந்தாதபோது, சுற்றியுள்ள உண்மைகளை வைத்துப் பொருள் கொள்ளச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. 1999-ல் கணவரை இழந்தவர், அந்த ஆணையிலேயே மனைவி என்று பெயர் இருப்பவர், 2028-ல் பிறந்திருக்க முடியாது. உங்கள் அண்ணன் அல்லது அக்கா பிறந்த ஆண்டைக் காட்டும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

கிளை மேலாளருக்கு எழுதி, வங்கியின் மத்திய ஓய்வூதியச் செயலாக்க மையத்துக்கும் நகல் அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"எனது பிறந்த தேதி 09-03-1928. இது ஓய்வூதிய ஆணையில் உள்ளது. நான் பிறந்த தேதியைத் திருத்தக் கோரவில்லை. தங்கள் கணினிப் பதிவில் ஆண்டு 2028 என மாறியுள்ளதை ஆணைக்கு ஏற்பச் சரிசெய்து, நிறுத்தப்பட்ட கூடுதல் குடும்ப ஓய்வூதியத்தை நிலுவையோடும் வட்டியோடும் வழங்க வேண்டுகிறேன். இணைப்புக்கு முன்னும் பின்னும் என் கணக்கில் பிறந்த தேதி எப்படிப் பதிவாகியிருந்தது என்பதன் அச்சுப் பிரதியையும் தர வேண்டுகிறேன்."

வட்டியை விட்டுவிடாதீர்கள். ஓய்வூதியமோ அதன் நிலுவையோ தாமதமானால் ஆண்டுக்கு 8 சதவீதம் ஈடு தர வேண்டும், ஓய்வூதியர் கேட்காமலே அதைக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. அம்மாவின் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 95 தாண்டியவருக்குக் கூடுதல் 6,000. ஆறு மாதத்துக்கு 36,000, அதன் மேல் அகவிலை நிவாரணம் தனி. 6,000 ரூபாய்க்கு ஒரு மாதத் தாமத வட்டி 40 ரூபாய். முதல் மாதத் தொகை ஆறு மாதம் தாமதம், கடைசி மாதத் தொகை ஒரு மாதம் தாமதம் என்று கூட்டினால் 840 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் அதைக் கொடுத்தால் தாமதம் தன் தரப்பில்தான் என்று வங்கி ஏற்றுக்கொண்டதாக ஆகும்.

பழைய பதிவைக் காட்ட மறுத்தால், அது பொதுத்துறை வங்கியாக இருக்கும்பட்சத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அம்மாவின் பெயரிலேயே கேளுங்கள். தன்னைப் பற்றிய தகவலைத் தானே கேட்பதால் தனிநபர் விவரம் என்று சொல்லித் தட்ட முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும்.

பிடித்தம் பற்றி: அம்மாவுக்கு 80 வயது நிரம்பியது 2008 மார்ச்சில். அன்றிலிருந்து வாங்கியது எல்லாம் உரிமைப்படி வந்த பணம். கூடுதலாகக் கொடுத்தது என்று ஒன்றுமே இல்லாதபோது எதைப் பிடிப்பது? நிஜமாகவே அதிகம் கொடுத்துவிட்ட வழக்கில்கூட, ஓய்வு பெற்றவர்களிடம் அதைத் திரும்பப் பிடிக்க உச்ச நீதிமன்றம் ரஃபீக் மசீஹ் வழக்கில் கடும் வரம்பு வைத்திருக்கிறது. பிடித்தக் கடிதம் எழுத்தில் வந்தால், மறுப்பை உடனே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். அதையும் மீறிப் பிடித்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

முறையீடு கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அதிலும் புகாரை அம்மாவின் பெயரில் போட்டு, நீங்கள் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக இருங்கள். வழக்கறிஞர் மூலம் கொடுக்கும் புகாரை அங்கே ஏற்க மாட்டார்கள், எனவே அதற்காக யாருக்கும் ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை. அங்கும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். பணம் நின்ற நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

சரிசெய்துவிட்டோம் என்று வங்கி சொன்னதும், நான்கு இலக்கத்தில் ஆண்டு போட்ட சீட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் மனுவை முடித்துக்கொள்ள வேண்டும். இனி உயிர்வாழ் சான்று முதல் எந்தப் படிவத்திலும், கட்டம் இரண்டே இருந்தாலும், 1928 என்று முழுதாக எழுதுங்கள். 2028 மார்ச்சில் அம்மாவுக்கு 100 நிறைகிறது. அந்த மாதம் முதல் தேதியில் இருந்து கூடுதல் தொகை அடிப்படைக்குச் சமமாக உயர வேண்டும். பதிவு அப்போதும் 2028 என்றே இருந்தால், அந்தத் தேதி எதிர்காலத்தில் கூட இருக்காது. கணினிக்கு அது அன்று பிறந்த ஒரு குழந்தை, எந்தச் சோதனையிலும் மாட்டாது. அதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.