விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி பயர்பொக்ஸ்: எந்த எண், எங்கே எடுப்பது?

"உவர்மலையில் சின்ன போட்டோக்கொப்பி கடை வைத்திருக்கிறேன், ஐயா. கடைக் கணினியில் விண்டோஸ் 7, 32 பிட். புது பயர்பொக்ஸ் போடப் பார்த்தால் விண்டோஸ் 10 வேண்டும் என்று நின்றுவிடுகிறது. இப்போதைக்கு வேறு கணினி வாங்க வழியில்லை. நெட்டில் தேடி பழைய வெர்ஷன் ஏதாவது போடலாமா?"
– வாசகர், திருகோணமலை

போடலாம். ஆனால் 'ஏதாவது' ஒன்றைப் போடக்கூடாது. உங்கள் கணினிக்கு உரியது பயர்பொக்ஸ் 115-இன் ESR வரிசை, அதாவது புது வசதிகள் சேராமல் திருத்தங்கள் மட்டும் நீண்ட காலம் வரும் வரிசை. 2023 ஜூலையில் வந்த 115 தான் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் கடைசி. 116 முதல் விண்டோஸ் 10 கட்டாயம். புதிய வெர்ஷன்கள் விண்டோஸ் 7-இல் இல்லாத வசதிகளை நம்பி எழுதப்பட்டவை. அதனால் 'கம்பட்டிபிலிட்டி மோட்' போட்டாலும் பயனில்லை. அது விண்டோஸின் எண்ணை மாற்றிச் சொல்லுமே தவிர, இல்லாத வசதியைக் கொண்டுவராது. ஏதோ DLL இல்லை என்று பிழை வந்தால், அந்த ஃபைலைத் தனியாகத் தரும் தளங்களுக்குப் போகவே வேண்டாம். கணினிக்குள் கிருமி வர அதுவும் ஒரு வழி.

115 என்று தெரிந்தால் மட்டும் போதாது. சாதாரண 115 வரிசைக்கான திருத்தங்கள் 2023-இலேயே நின்றுவிட்டன. ESR அப்படியல்ல. 115.1, 115.2 என்று தொடங்கி, பழைய விண்டோஸ்காரர்களுக்காக மொஸில்லா அதற்குப் பல முறை காலநீட்டிப்புக் கொடுத்துத் திருத்தங்களை அனுப்பி வந்திருக்கிறது. ஆகவே 115 ESR-இல் ஆகக் கடைசியாக வந்ததைத்தான் எடுக்க வேண்டும்.

எடுக்கும் இடம் மொஸில்லாவின் சொந்தக் களஞ்சியம்:

```
https://ftp.mozilla.org/pub/firefox/releases/
```

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியல் எழுத்து வரிசையில் இருப்பதால் 115.28.0esr மேலேயும் 115.9.1esr அதற்குக் கீழேயும் நிற்கும். கீழே இருப்பதுதான் புதிது என்று 115.9-ஐ எடுத்தால் வம்பு. 115.13-க்கு முந்திய ESR-களில் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-இல் காலாவதியானது. அவற்றில் விளம்பரத் தடுப்பான் போன்ற நீட்சிகள் வேலை செய்யாமல் போகலாம். நடு எண்ணை எண்ணாகவே பாருங்கள்: 28 என்பது 9-ஐவிடப் பெரிது.

சரி, 115.28.0esr-ஐ உதாரணமாக வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்கும்போது அதைவிடப் பெரிய எண் இருந்தால் அதையே எடுங்கள். உங்களுடையது 32 பிட் என்பதால் உள்ளே win32, அதற்குள் en-US அல்லது தமிழ் மெனு வேண்டுமென்றால் ta. அங்கே இருக்கும் .exe தான் முழு இன்ஸ்டோலர். முகப்புப் பக்கத்தில் கிடைக்கும் சின்ன இன்ஸ்டோலர் வேண்டாம், அது புதியதைத் தேடிப் போய் மறுபடி அங்கேயே நிற்கும். பழைய பிரவுசரில் களஞ்சியமே திறக்காவிட்டால் வேறொரு கணினியில் எடுத்து பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

ஓட விடுவதற்கு முன் ஒரு சோதனை. ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
certutil -hashfile "Firefox Setup 115.28.0esr.exe" SHA256
```

வரும் நீண்ட குறியீட்டை, 115.28.0esr ஃபோல்டரிலேயே இருக்கும் SHA256SUMS ஃபைலில் உங்கள் win32, மொழி, ஃபைல் பெயர் மூன்றும் பொருந்தும் வரியோடு ஒப்பிடுங்கள். விண்டோஸ் 7 இரண்டிரண்டு எழுத்தாக இடைவெளி விட்டுக் காட்டும். இடைவெளியைப் பொருட்படுத்த வேண்டாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். பெரும்பாலும் டவுன்லோட் பாதியில் அறுந்திருக்கும், ஆனாலும் அப்படியே ஓட விடாதீர்கள்.

போட்டபின் தானியங்கி அப்டேட்டை நிறுத்தச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். கேட்காதீர்கள். விண்டோஸ் 7-இல் இருக்கும் ESR 115, 115-க்குள்ளேயே முன்னேறும். 116-க்குத் தாவி உடையாது. அதை நிறுத்தினால் இவ்வளவு கவனமாகத் தேடி எடுத்ததன் பயனே போய்விடும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பிரவுசரை எவ்வளவு திருத்தினாலும் அடியில் இருக்கும் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14-இலேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் விண்ணப்பம் நிரப்ப, பெறுபேறு பார்த்து பிரின்ட் எடுக்க இது போதும். வங்கிக் கணக்கை, உங்களுடையதோ வாடிக்கையாளருடையதோ, அந்தக் கணினியில் திறக்காதீர்கள். அது ஃபோனிலேயே நடக்கட்டும். மாதம் ஒரு தடவை Help மெனுவில் About Firefox பாருங்கள். மூன்று நான்கு மாதமாக எண் மாறவேயில்லை என்றால் 115-க்கான ஆதரவு முடிந்திருக்கலாம். அதை மொஸில்லாவின் தளத்தில் உறுதிசெய்துகொண்டு, அதே கணினியில் 32 பிட்டுக்கு இன்னும் வரும் டெபியன் 12 போன்ற லினக்ஸ் ஒன்றைப் போடுவதைப் பற்றி எழுதுங்கள்.