கிணற்று நீரின் குளோரைட்டு: இரண்டு கணக்கில் எது சரி?

கேள்வி: ஐயா, வத்தளையில் வீட்டுத் தோட்டத்தில் போஞ்சி போட்டிருக்கிறேன். இலை ஓரம் கருகுகிறது. கிணற்று நீரின் குளோரைட்டை மகள் தன் கல்லூரி ஆய்வுகூடத்தில், வெள்ளி நைத்திரேற்று கூடுதலாகச் சேர்த்து தயோசயனேற்றால் நியமித்துப் பார்த்தாள். முதல் நாள் லீற்றருக்கு 213 மில்லிகிராம், மறுநாள் வடிகட்டிச் செய்தபோது 269. எதை நம்புவது?

பதில்: 269ஐ நம்புங்கள். மகளின் கையில் பிழை இல்லை, முறையிலேயே ஒரு பொறி இருக்கிறது.

அவர் 50 மில்லிலீற்றர் நீரில் நைத்திரிக்கமிலம் விட்டு, 0.05 மோலர் வெள்ளி நைத்திரேற்றில் 20 மில்லிலீற்றர் சேர்த்திருப்பார். அதில் இருப்பது 1 மில்லிமோல் வெள்ளி. குளோரைட்டு தன் பங்கை எடுத்துத் தயிர்போல வெள்ளையாகத் திரளும். மிஞ்சிய வெள்ளியைத்தான் பெரிக்குப் படிகாரம் காட்டியாக இருக்க, தயோசயனேற்று அளக்கிறது.

பொறி இங்கேதான். வெள்ளித் தயோசயனேற்று, வெள்ளிக் குளோரைட்டைவிடக் குறைவாகவே கரையும். வீழ்படிவு குடுவையிலேயே கிடந்தால், மிஞ்சிய வெள்ளி தீர்ந்த பிறகும் தயோசயனேற்று அந்த வீழ்படிவிலிருந்து வெள்ளியைப் பிடுங்கும். செம்பழுப்பு நிறம் வரும், குலுக்கினால் மங்கும், இன்னும் இரண்டு துளி விடுவோம், மறுபடி மங்கும். இப்படி மங்கினாலே சந்தேகப்பட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். முதல் நாள் 0.05 மோலர் தயோசயனேற்று 14.0 மில்லிலீற்றர் போயிருந்தால் மிஞ்சிய வெள்ளி 0.70 மில்லிமோல், குளோரைட்டு 0.30. அதை 35.45ஆல் பெருக்கி லீற்றருக்கு மாற்றினால் 213. மறுநாள் 12.4 தான் போயிருக்கும். அப்போது குளோரைட்டு 0.38, விடை 269. தயோசயனேற்று அதிகம் குடித்தால் குளோரைட்டு குறைவாகத்தான் தெரியும்.

அதனால் வெள்ளி சேர்த்ததும் சற்றுக் கொதிக்கவைத்து, வீழ்படிவு திரண்டதும் வடிகட்டி, ஐதான நைத்திரிக்கமிலத்தால் கழுவி, கழுவிய நீரையும் வடிதிரவத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். நன்றாக ஆறிய பிறகே நியமிக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் நிறம் சீக்கிரம் மங்கும், குடுவையைக் குளிர்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் நல்லது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு வெற்று நியமிப்பும் செய்யட்டும், தயோசயனேற்று 20 மில்லிலீற்றருக்கு அருகில் வரவேண்டும். இதற்குக் குழாய் நீர் ஆகாது, அதிலும் குளோரைட்டு உண்டு. (விரலில் பட்ட வெள்ளி நைத்திரேற்று கறுத்துப் போகும், கையுறை போடச் சொல்லுங்கள்.)

அமிலத்தில் செய்வதில் ஒரு லாபமும் உண்டு. பசளை கரைந்து கிணற்றில் சேர்ந்த பொசுபேற்று, நடுநிலை நீரில் வெள்ளியைத் தானும் பிடித்து கணக்கைக் கூட்டிவிடும். அமில நீரில் அது படியாது.

சரி, இனி போஞ்சி. அது குளோரைட்டைத் தாங்காத பயிர். 269 என்பது இலைமேல் தெளிக்கும் நீருக்கு அதிகம், வேரடியில் விட்டாலும் கவனம் தேவை. பூவாளியால் இலை நனைய ஊற்றுவதை இன்றே நிறுத்தி, அடியில் மட்டும் ஊற்றுங்கள். மழைநீர் கிடைக்கும்போது அதைப் பாத்திக்கு நன்றாக விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். அடுத்த மாதிரியை மழையில்லாத வாரத்தில், சிறிது நேரம் நீர் இறைத்த பிறகு எடுங்கள்.