தியேட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால்: தனிமைப்படுத்திய மின்வழங்கல் பற்றிய கேள்வி பதில்

தாதி உத்தியோகத்தர், மட்டக்களப்பு: சேர், ஒப்பரேஷன் நடந்துகொண்டிருக்கேக்க சுவரில இருக்கிற மொனிற்றரில மஞ்சள் லைற் பத்தி, கீ எண்டு சத்தம் வந்தா நோயாளிக்குக் கரண்ட் அடிக்குமா? வேலையை நிப்பாட்டச் சொல்லவேணுமா?

நிப்பாட்ட வேண்டாம், மிஸ்ஸி. வோர்ட்டில் உள்ள பிளக் பொயின்ற்றில் நியூட்ரல் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கிறது. தியேட்டரில், தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமருக்குப் பிறகு வரும் இரண்டு வயரும் எர்த்தோடு சேராமல் நிற்கின்றன. அதனால் ஒரு கருவிக்குள் ஒரு வயர் அதன் உலோக உடலில் முட்டினாலும் மின் திரும்பிப்போக வழி இல்லை. பிரேக்கர் விழாது, வென்டிலேற்றர் நிற்காது. ஆனால் அந்த முதல் கோளாறோடு உங்களுக்கிருந்த பாதுகாப்பு செலவாகிவிட்டது. இன்னொரு கருவியில் மற்ற வயரும் எர்த்தைத் தொட்டால் இரண்டுக்கும் நடுவே ஷோர்ட் ஆகும். மஞ்சள் விளக்கு கேட்பது அதற்கு முன் கோளாறைத் தேடி எடுக்கச் சொல்லித்தான். அந்த மொனிற்றர் அளப்பது இரண்டு வயருக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள காப்புத் தடையை, அந்தக் கிலோஓம் எண் இறங்கினால் மஞ்சள் எரியும்.

சத்தத்தை நிறுத்தும் பட்டனை அழுத்துங்கள். விளக்கு அணையாது, அணையவும் கூடாது. பிறகு கடைசியாகச் செருகிய கருவியிலிருந்து தொடங்கி, அந்த நேரத்துக்குத் தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சுவிட்சை ஓஃப் பண்ணுவது போதாது. அது ஒரு வயரைத்தான் வெட்டும், கோளாறு மற்ற வயரில் இருந்தால் அப்படியே நிற்கும். பிளக்கையே இழுத்தெடுத்து, ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி பொறுத்துப் பாருங்கள். மயக்கமருந்து இயந்திரத்தையும் வென்டிலேற்றரையும் தொடவேண்டாம்.

எதை எடுத்ததும் விளக்கு அணைகிறதோ அதுதான் ஆள். அதில் சீட்டு ஒட்டி வெளியே வையுங்கள். அதைக் கொண்டுபோய் வெளிப் பொயின்ற்றில் செருகிப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. அங்கே நியூட்ரல் எர்த்தில் இருப்பதால், கருவியின் எர்த் வயர் அறுந்திருந்தால் அதன் உடல் முழுக்க 230 வோல்ற் நிற்கலாம். எதைக் கழற்றியும் விளக்கு அணையவில்லை என்றால் கோளாறு சுவர் வயரிங்கில் இருக்கலாம், நீங்கள் தொடாமல் விட்ட கருவியிலும் இருக்கலாம். நடக்கிற ஒப்பரேஷனை முடியுங்கள். அடுத்த நோயாளியை உள்ளே எடுக்கமுதல் மின் பகுதிக்குச் சொல்லுங்கள்.

மின்னியலாளர், கல்முனை: மொனிற்றரில காலையில 62 கிலோஓம், மத்தியானம் 400க்கு மேல. மார்கழியில மட்டும்தான் இப்பிடி. ஒரு கருவியும் செருகியில்ல. மொனிற்றரே பழுதா?

மொனிற்றர் சரியாகத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். இரவு ஏசியை நிறுத்துகிறார்கள், வாடைக்காற்றோடு ஈரம் உள்ளே வருகிறது, விடிய நிலத்தைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறார்கள். கடலோரக் காற்றில் உப்பும் சேர்வதால் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் படிந்த தூசு ஈரமாகி மின்னைக் கசியவிடுகிறது. ஏசி ஓடக் காய்ந்துவிடுகிறது. ஆகவே விடிய, மதிப்பு இறங்கி நிற்கும்போதே தேடவேண்டும். மத்தியானம் போனால் ஒன்றும் அகப்படாது.

நோயாளி இல்லாத நேரம், எல்லாப் பிளக்கும் கழற்றியபடி, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக விழுத்தி மொனிற்றரின் எண்ணை எழுதுங்கள். உங்கள் 62, நாலாவது சேர்க்கிற்றை விழுத்தியதும் 310 ஆகிறது என்று வைப்போம். காப்புத் தடைகள் எல்லாம் பக்கம்பக்கமாக நிற்பவை, கழித்துப் பார்த்தால் பிழைக்கும். தலைகீழ்களைக் கழிக்கவேண்டும்: 1/62 − 1/310 = 0.0129, அதைத் திருப்பிப் போட்டால் ஏறத்தாழ 77 கிலோஓம். அந்த ஒரு சேர்க்கிற்றே 77இல் நிற்கிறது, மிச்சம் எல்லாம் சேர்ந்து 310. வேலை செய்யவேண்டிய இடம் தெரிந்துவிட்டது. நிலப் பெட்டி, சீலிங்கிலிருந்து தொங்கும் பென்டன்ட்டின் மூட்டு, தண்ணீர்க்குழாய்க்குப் பக்கத்துச் சந்திப் பெட்டி என்ற வரிசையில் திறந்து பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பிரேக்கர் இரட்டைத் துருவமாக இருக்கவேண்டும். இங்கே நியூட்ரல் என்று ஒன்று இல்லை, இரண்டு வயரும் உயிருள்ளவை. ஒற்றைத் துருவ பிரேக்கரை விழுத்தினால் மற்ற வயரின் கசிவு மொனிற்றருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், நீங்கள் அந்தச் சேர்க்கிற்றை நல்லது என்று விட்டுவிடுவீர்கள். அடுத்தது, காப்பைச் சோதிக்கும் 500 வோல்ற் மெகர் வைக்கமுதல் மொனிற்றரின் வயர்களைக் கழற்றுங்கள். அது தானாக அனுப்புவது 25 வோல்ற்றுக்கு மேற்படாத அளவை. 500ஐ அதற்குள் விட்டால் அதன் உள்சுற்று போய்விடும்.

தொழில்நுட்பவியலாளர், அக்கரைப்பற்று: 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் உயிரைக் காக்கும். ஆகவே ட்ரான்ஸ்போமருக்குப் பிறகு ஒவ்வொரு சேர்க்கிற்றுக்கும் ஒண்டு போட்டா இரட்டைப் பாதுகாப்புத்தானே?

உயிரைக் காக்கும் என்பது சரி, ஆனால் எர்த்தோடு கட்டிய வழங்கலில். இங்கே முதல் கோளாறில் ஓடுவது ஓரிரு மில்லிஅம்பியர்தான், சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது. அது விழக்கூடிய ஒரே சந்தர்ப்பம் இரண்டாவது கோளாறு. அப்போதும் வெட்டுவதற்குப் பிரேக்கர் இருக்கிறது. அதோடு, வீணாக விழக்கூடிய இன்னொரு சாமானை வென்டிலேற்றருக்கு முன்னால் வைக்கிறீர்கள். தியேட்டருக்குள் ட்ரிப் சுவிட்சுக்கு இடம் உண்டு: எக்ஸ்ரே இயந்திரம், ஒப்பரேஷன் மேசையை உயர்த்தித் தாழ்த்தும் வழங்கல், 5 கேவிஏக்கு மேற்பட்ட பெரிய கருவிகள். இவை ட்ரான்ஸ்போமருக்கு வெளியே சாதாரண வழங்கலில் நிற்கலாம், அங்கே 30 மில்லிஅம்பியர் வேண்டும். அந்தப் பொயின்ற்றுகளில் தியேட்டர்க் கருவிகளைச் செருக முடியாதபடி வேறு வகை அல்லது தெளிவான அடையாளம் போடுங்கள்.

ஒப்பந்தகாரர், அம்பாறை: ரெண்டு தியேட்டர் கட்டுறம். ஒரே 16 கேவிஏ ட்ரான்ஸ்போமர் வாங்கினா செலவு குறையும். சரிவருமா?

சரிவராது. ஐஇசி என்ற சர்வதேச மின் தர முறையில் மருத்துவத் தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் 0.5 முதல் 10 கேவிஏ வரைதான். அதைவிடப் பெரிய காரணம் வேறு. கேபிள் நீள நீள எர்த்தோடு உள்ள மின்கொள்ளளவு கூடும், அதன் வழியே கசிவும் கூடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் தனிமை தானாகவே தேய்ந்துபோகும். ஒரு தியேட்டரில் வரும் கோளாறுக்கு இரண்டிலும் மஞ்சள் எரியும், எங்கே தேடுவது? தியேட்டருக்கு ஒன்று வையுங்கள்.

அளவைக் கருவிகளின் தகட்டிலிருந்து எடுங்கள். பொதுவான ஒரு சத்திரசிகிச்சைக்கு உதாரணமாக: மயக்கமருந்து இயந்திரம் 350, நோயாளி மொனிற்றர் 150, டயதேமி 1000, உறிஞ்சி 250, சூட்டுக்காற்றுக் கருவி 1000, ஆறு ஊசிப்பம்புக்கு 240, லப்பரஸ்கோப்பி அடுக்கு 800, இரத்தம் சூடாக்கி 300, விளக்கு 250. கூட்டினால் 4340 விஏ. டயதேமி சில விநாடிகள்தான் ஓடும் என்று சிலர் அதைக் குறைத்துப் போடுவார்கள். நான் குறைப்பதில்லை. கால்பங்கு சேர்த்தால் 5.4, அடுத்த அளவு 6.3 கேவிஏ. 8 தேவையில்லை.

பலரும் தடுக்கி விழுவது உள்பக்கப் பிரேக்கரில். 6.3 கேவிஏக்கு 27 அம்பியர், ஆகவே சி32 என்று போட்டுவிடுவார்கள். ட்ரான்ஸ்போமரை ஓன் பண்ணும் கணத்தில் அது முழு லோட் உச்சத்தின் 12 மடங்குவரை இழுக்கலாம். அது ஏறத்தாழ 465 அம்பியர் உச்சம். சி32 தன் 5 முதல் 10 மடங்குக்குள் கணத்தில் விழும். பரிசோதனை அன்று விழாமல் இருக்கலாம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏற்கும்போது விழும், ஒப்பரேஷன் நடுவிலே. தயாரிப்பாளர் சொல்லும் பியூஸ் அல்லது டி வகைப் பிரேக்கரை, ஷோர்ட்டுக்கு மட்டும் என்ற கணக்கில் போடுங்கள். ஓவர்லோடுக்கு வெட்டக்கூடாது. அதற்குத்தான் லோட் அளவும் சுருளின் வெப்பமும் காட்டும் எச்சரிக்கைகள். முழு லோடில் இருநூறு வாற் அளவு சூடு வெளியேறும், ஆகவே அம்பாறை வெயிலில் ஓட்டுக்குக் கீழே சீலிங்குக்கு மேல் அடைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள அறையில், தியேட்டருக்கு வெளியே கிட்டடியில் வையுங்கள்.

தனியார் மருத்துவ நிலையம், காத்தான்குடி: நானா, எங்கட தியேட்டருக்கு ஒன்லைன் யூபிஎஸ் இருக்கு, கரண்ட் போனாலும் ஒண்டும் நிக்காது. இதுவும் அதேதானே?

இல்லை தம்பி. யூபிஎஸ் காப்பது கரண்ட் போவதிலிருந்து, ட்ரான்ஸ்போமர் காப்பது எர்த் கோளாறிலிருந்து. பெரும்பாலான யூபிஎஸ்களில் நியூட்ரல் உள்ளேயிருந்து வெளியே நேரே போகிறது, வெளிப்பக்கமும் எர்த்தோடு கட்டியதுதான். இரண்டும் வைப்பதென்றால் யூபிஎஸ் முன்னால், ட்ரான்ஸ்போமர் பின்னால். மேலே சொன்ன ஆரம்ப இழுவையை உங்கள் யூபிஎஸ் தாங்குமா என்று வாங்கமுதல் எழுத்தில் கேளுங்கள்.

மின்னியலாளர், கல்முனை (மீண்டும்): நாலாவது சேர்க்கிற்றில நிலப் பெட்டிதான், ரப்பர் போயிருந்தது. எச்சரிக்கையை 50இலிருந்து 100 கிலோஓமுக்கு ஏத்தி வைக்கட்டா? முதலே தெரியவருமே. இன்னொண்டு, அமெரிக்கப் பெனல் ஒண்டு வந்திருக்கு, மில்லிஅம்பியர் காட்டுது.

ஏற்றலாம். 50க்கு இறங்கமுன் எச்சரிக்கவேண்டும் என்பதுதான் கட்டாயம். ஆனால் மாரியில் காலைதோறும் மஞ்சள் எரிந்தால் இரண்டு கிழமையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முதல் வயரிங்கைச் சுத்தம் செய்து 300க்கு மேல் நிலைநிறுத்துங்கள், பிறகு 100 வையுங்கள் என்பது என் எண்ணம். 50இலேயே விட்டு, கிழமைக்கொருமுறை எண்ணைக் கொப்பியில் எழுதினால் போதும் என்பவர்களும் உண்டு. தாதியர் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அவர்கள் சொல்வதும் நியாயம்.

மில்லிஅம்பியர் காட்டுவது வேறு கணக்கு. அது கொள்ளளவுக் கசிவையும் சேர்த்து, கோளாறு வந்தால் எவ்வளவு ஓடக்கூடும் என்று சொல்கிறது. எச்சரிக்கை 5இல். நல்ல கருவிகளைச் செருகினாலும் எண் ஏறும், அது பழுதல்ல. கிலோஓம் மொனிற்றர் அதே இடத்தில் 800 காட்டினாலும் இரண்டும் சரியே. பெனலின் தகட்டைப் பாருங்கள். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த ட்ரான்ஸ்போமரை அதே வோல்ற்றில் எங்கள் 50இல் ஓட்டினால் அதன் இரும்புக்கரு காந்தத்தால் நிறைந்து சூடேறும். 120 வோல்ற் என்றால் 230இல் கொடுக்கவே கூடாது.

எந்த மாற்றம் செய்தாலும் ரெஸ்ற் பட்டனை மட்டும் நம்பவேண்டாம், பல மொனிற்றர்களில் அது பார்ப்பது தன் உள்சுற்றையும் விளக்கையும்தான். ஒரு பிளக்குக்குள் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 47 கிலோஓம், 3 வாற் தடை ஒன்றைப் பூட்டி, நோயாளி இல்லாதபோது ஒவ்வொரு பொயின்ற்றிலும் செருகுங்கள். அரை வாற் தடை வேண்டாம். மற்ற வயரில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் தடைக்குக் குறுக்கே முழு 230 வந்து, அதில் 1.1 வாற் எரியும். எச்சரிக்கை 50இல் இருந்தாலும் 100இல் இருந்தாலும் மஞ்சள் எரியவேண்டும். எரியாத பொயின்ற்றில் எர்த் பின்னுக்கு வயர் வந்து சேராமல் இருக்கலாம்.