அட்டையில் இருக்கட்டும் அடைப்புக்குறி

அன்புள்ள சார்,

என் முதல் கவிதைத் தொகுப்பு 96 பக்கங்களில் தயாராகிவிட்டது. தலைப்புக்கு இரண்டு யோசனைகள்: 'நிழல்', 'முக(வரி) தொலைத்த வீடு'. அட்டை வடிவமைப்பாளருக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. நூலகத்தில் வேலை பார்க்கும் தோழியோ அடைப்புக்குறியே வேண்டாம் என்கிறாள். எதை வைக்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

இரண்டாவதையே வையுங்கள். 'நிழல்' என்று ஏதாவது ஒரு நூலகத்தின் இணையப் பட்டியலில் தட்டிப் பாருங்கள், அதே பெயரில் பல புத்தகங்கள் வந்து நிற்கும், காரணம் புரியும். நூலகருக்கு அதில் கஷ்டமில்லை, ஆசிரியர் பெயரை வைத்துப் பிரித்துவிடுவார். உங்கள் பெயர் நினைவில் இல்லாத வாசகர்தான் திண்டாடுவார்.

ஆனால் தோழி சொல்வதும் நியாயம். தேடல் மென்பொருள்கள் பலவும் அடைப்புக்குறியை இடைவெளியைப் போலத்தான் எடுத்துக்கொள்ளும். 'முக' ஒரு சொல், 'வரி' இன்னொரு சொல் என்று பதிவாகிவிடும். 'முகவரி' என்று தேடுபவருக்கு உங்கள் புத்தகம் அகப்படாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பட்டியலுக்குத் தலைப்பை நூலகர் எடுப்பது அட்டையிலிருந்து அல்ல, உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்திலிருந்து. நம் கவிஞர்கள் அட்டைக்கு மாதக்கணக்கில் மெனக்கெட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை அச்சகத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். அட்டையில் விளையாட்டு இருக்கட்டும். தலைப்புப் பக்கத்தில் 'முகவரி தொலைத்த வீடு' என்று நேராக, சொற்களை உடைக்காமல் போடுங்கள். அதற்குக் கீழே 'கவிதைகள்' என்று ஒரு வரி. இல்லாவிட்டால் வேலை நெருக்கடியில் இருப்பவர் இதை நாவல் என்று நினைத்து நாவல் அலமாரிக்கு அனுப்பிவிடக்கூடும். நூலகங்கள் பட்டியலுக்குப் பயன்படுத்தும் MARC முறையில் தலைப்பு 245 என்ற புலத்தில் ஏறும். அட்டையில் இருக்கும் வடிவத்தை 246-இல் மாற்றுத் தலைப்பாகச் சேர்க்கலாம். ஆனால் சேர்ப்பதும் விடுவதும் நூலகர் கையில். அதனால்தான் நேரான வடிவம் 245-இல் இருக்க வேண்டும் என்கிறேன். ISBN விண்ணப்பத்திலும் அதே வடிவத்தை எழுதுங்கள். ஒரு ஒற்றுகூட மாற வேண்டாம்.

வெளிநாட்டு நூலகங்கள் பல, தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்திலும் பதிகின்றன. அங்கே க எப்போதும் k தான். Mukavari tolaitta vīṭu என்று ஏறும். 'mugavari' என்று தேடினால் கிடைக்காது. இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அங்கிருக்கும் நண்பர்களுக்குச் சொல்லி வையுங்கள், போதும்.

அப்புறம் முதுகு. 96 பக்கம் என்றால் 48 தாள். சாதாரண மேப்லித்தோ தாளில் முதுகு ஐந்து மில்லிமீட்டர் வந்தால் பெரிது. அதில் இந்தத் தலைப்பு ஒரே வரியில், உங்கள் பெயரோடு உட்கார வேண்டும். வடிவமைப்பாளர் அட்டையில் தலைப்பை மூன்றாக உடைத்து அடுக்கியிருப்பார், முதுகில் அது நடக்காது. ஒப்புதல் கொடுக்கும் முன் முதுகை மட்டும் நிஜ அளவில் அச்செடுத்து, ஒரு புத்தகத்தில் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பாருங்கள். நின்றபடி படிக்க முடியவில்லை என்றால் புத்தகத்தின் தலைப்பையே 'தொலைத்த வீடு' என்று சுருக்குங்கள். அப்போது அடைப்புக்குறிப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.